பிசினஸ் மாடல் கேன்வாஸ்: ஒர்க்‌ஷாப்புகளுக்குத் தரம் பிரித்த பனியன் துணி

அணி: மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவர்கள் நால்வர். தொழில்முனைவு பாடத்தின் இறுதிச் சமர்ப்பிப்பு, நான்காவது திருத்தம்.

வாடிக்கையாளர்
முதல் வாரம் இந்தக் கட்டத்தில் ‘இல்லத்தரசிகள்’ என்று எழுதியிருந்தோம். அப்போது யோசனை துணிப்பை. மஞ்சப்பையை இலவசமாகவே தருகிறார்களே என்று ஐந்தாறு வீட்டில் கேட்டபிறகு அடித்துவிட்டோம். காந்திபுரம், சிங்காநல்லூர் பக்கம் 31 டூவீலர் ஒர்க்‌ஷாப்புகளில் பேசியதில் கிடைத்தவர்தான் இப்போதைய வாடிக்கையாளர். காசு தருபவர் ஓனர். துணி சரியில்லை என்று தூக்கி எறிபவர் மெக்கானிக். இருவருக்கும் பிடிக்க வேண்டும்.

என்ன தருகிறோம்
இப்போது அவர்கள் கிலோ 60–70 ரூபாய்க்கு வாங்கும் வேஸ்டில் பாலியஸ்டர் கலந்திருக்கிறது, ஆயில் உறிஞ்சாது. கொக்கியும் பட்டனும் பெட்ரோல் டேங்கில் கீறல் போடும். “ஒரு டேங்குக்கு டச்சப் பண்ணினா ஒரு மாச துணிக் காசு போச்சு” என்றார் ஒருவர். நாங்கள் தருவது பருத்தி மட்டும், ஒரே அளவில் வெட்டி, 5 கிலோ மூட்டையாக. விலை 400 ரூபாய்.

சேனல்
இன்ஸ்டாகிராம் என்று எழுதியதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள்தான் வழி. மூட்டைக்கு 20 ரூபாய் கமிஷன்.

உறவு
பட்டனோ கொக்கியோ வந்தால் மூட்டையையே மாற்றித் தருவோம். கணக்கு சனிக்கிழமை.

வருவாய்
மூட்டை விற்பனை மட்டும். ஆறு வாரத்தில் 46 மூட்டை போயிருக்கிறது; அதில் 29 மறுபடி வாங்கியவர்கள். கழித்த பாலியஸ்டரைத் தலையணை அடைப்பவர்கள் கேட்கிறார்கள், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வளங்கள், வேலைகள், கூட்டாளிகள்
திருப்பூரில் கட்டிங் வேஸ்ட் தரும் இரண்டு பனியன் கம்பெனிகள், வாடகை ஷெட், கிலோவுக்கு 10 ரூபாய் கூலியில் பிரித்து வெட்டும் அக்காக்கள் இருவர். எங்கள் தொழிலின் உயிர் பிரிப்பதில்தான்: ஒரு நூலைக் கொளுத்திப் பார்த்தால் பருத்தி சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கட்டியாகும்.

செலவு
வேஸ்ட் கிலோ 35 ரூபாய். 100 கிலோவில் 82தான் தேறும், அதனால் உண்மை விலை 43. கூலி 10, சாக்கு 3, டாடா ஏஸ் வாடகையில் எங்கள் பங்கு 6, கமிஷன் 4. ஆக 66. விற்பது 80, மிச்சம் 14. (மூன்றாவது திருத்தம் வரை 35 என்றே போட்டு லாபத்தைக் கூட்டிக் காட்டியிருந்தோம். சார் கண்டுபிடித்தார்.) ஷெட் வாடகை, பெட்ரோல், போன் மாதம் 7,000. அதாவது 500 கிலோ, 100 மூட்டை விற்றால்தான் கையைக் கடிக்காது. இப்போது மாதம் 30 மூட்டை போகிறது.

கேட்பது
கத்தரியால் ஒருவர் மணிக்கு 6 கிலோதான் வெட்ட முடிகிறது. பழைய வெட்டும் மெஷினுக்கு 38,000. பனியன் கம்பெனிக்கு உடனே காசு, ஒர்க்‌ஷாப்பில் ஒரு வாரக் கடன். அந்த இடைவெளிக்கு 10,000. மொத்தம் 48,000 ரூபாய்.