முட்டிவலிக் கணக்கெடுப்பு: முதலில் நாலு பேர் கதை, அப்புறம்தான் சொந்தக் கதை

நாளை உசிலம்பட்டிப் பக்கம் போகிறவர்களும் மதுரை கே.கே. நகர் போகிறவர்களும் இதைத்தான் வாசிக்க வேண்டும். பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

ஒத்திகையில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? விடியுமுன் மல்லி பறித்துவிட்டு வந்த அக்கா தூணைப் பிடித்து எழுந்து, நடுவில் ஒரு தடவை நின்று, நமக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நடக்க 'லேசாத்தான்' சிரமம் என்றார். மாடிவீட்டில் இருந்த ஓய்வுபெற்ற சார் தினமும் வாக்கிங் போகிறவர், படியேறும்போது மட்டும் முட்டி பிடிக்கிறதாம், அவர் 'ஓரளவு' என்றார். இதை அப்படியே எண்ணாக்கினால் அக்காவைவிட சாருக்குத்தான் முட்டி மோசம்! ஆயுள் அதிகமுள்ள கேரளத்தில்தான், பீகாரைவிட, நோய் இருப்பதாகச் சொல்கிறவர்கள் அதிகம் என்று அமர்த்தியா சென் 2002-இல் சுட்டிக்காட்டியதும் இந்தச் சிக்கல்தான். ஒரே அளவுகோலை ஆளுக்கொரு விதமாகப் பிடிக்கிறார்கள். அதற்கு ஆய்வாளர்கள் கேரி கிங்கும் கிறிஸ்டோபர் மர்ரேயும் இன்னும் இருவரும் 2004-இல் விரிவாக எழுதிய வழி இது: எல்லாரிடமும் ஒரே ஆட்களின் கதையைச் சொல்லி மதிப்பிட வைத்து, அதை வைத்தே அவர்களுடைய அளவுகோலைத் தெரிந்துகொள்வது.

வாசிக்க வேண்டியது:

"நாலு பேரைப் பற்றிச் சொல்கிறேன். நாலு பேருக்கும் உங்கள் வயதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் நடமாட எவ்வளவு சிரமம் என்று நீங்கள் சொல்ல வேண்டும்: சிரமமே இல்லை, லேசாக, ஓரளவு, ரொம்ப, நடமாடவே முடியாது.

செல்வி நிற்காமல் ஒரு மணி நேரம் நடப்பார். இரண்டு மாடி ஏறினாலும் வலி கிடையாது. தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழுந்துவிடுவார்.

பாண்டியம்மாள் அரை மணி நேரம் நடப்பார், அதற்கு மேல் நடந்தால் முட்டி வலிக்கும். படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். வீட்டு வேலையெல்லாம் அவரே செய்கிறார்.

மீனாட்சி பத்து நிமிஷம் நடந்தால் உட்கார்ந்துவிட வேண்டும். தரையில் உட்கார்ந்தால் எதையாவது பிடித்துத்தான் எழ முடியும். கடைக்குப் போக வேண்டிய வேலையைப் பல நாள் பிள்ளைகளிடம் விட்டுவிடுகிறார்.

பேச்சியம்மாள் வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார். கழிப்பறைக்குப் போக ஒரு ஆள் துணை வேண்டும். வாசலைத் தாண்டி ஒரு மாதம் ஆகிறது.

சரி, இப்போது உங்களைச் சொல்லுங்கள். போன ஒரு மாதத்தில் உங்களுக்கு நடமாட எவ்வளவு சிரமம்?"

ஆண்களிடம் வாசிக்கும்போது செல்வம், பாண்டி, சொக்கர், பேச்சிமுத்து. கதைகளின் வரிசை தாளுக்குத் தாள் மாறியிருக்கும், அச்சில் உள்ளபடியே படியுங்கள். சொந்தக் கேள்வி மட்டும் எப்போதும் கடைசிதான், கதைகளைக் கேட்டபின் அவர்களே அளவுகோலைப் புரிந்துகொண்டு பதில் சொல்வார்கள் என்பதற்காக.

"எந்த ஊர் பேச்சியம்மா?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். நீங்களாக ஊரோ வியாதியோ சேர்க்கக் கூடாது. "பாவம்" என்பது பதில் அல்ல, "வேப்பெண்ணெய் தேய்க்கச் சொல்லு" என்பதும் பதில் அல்ல. கேட்டுக்கொண்டு ஐந்து பதில்களையும் மறுபடி வாசியுங்கள். முதல் வரைவில் செல்வி 'நாலு மாசி வீதியும் சுற்றி வருவார்' என்று நான்தான் எழுதியிருந்தேன், நன்றாக இருக்கிறது என்று எனக்கு ஒரு பெருமை வேறு. உசிலம்பட்டிப் பக்கத்து அப்பத்தா ஒருவர் "அது எம்புட்டுத் தூரம்?" என்று கேட்டதோடு அது போச்சு. கேட்கிற எல்லாருக்கும் ஒரே முட்டிதான் தெரிய வேண்டும், இல்லையென்றால் இந்தக் கதைகளால் பயனே இல்லை. தன் முட்டிக்குப் பிடிக்கும் அளவுகோலையே அடுத்தவர் முட்டிக்கும் பிடிக்க வேண்டும் என்பது இன்னொன்று. "அடுத்த வீட்டுக்காரி எப்பவும் மிகைப்படுத்துவா" என்று யாராவது சொன்னால் ஓரத்தில் குறித்துவையுங்கள்.

கணக்கு நாங்கள் போட்டுக்கொள்கிறோம், ஆனால் என்ன செய்கிறோம் என்று தெரிந்திருக்கட்டும். நாலு கதை என்றால் ஒன்பது இடம்: செல்வியைவிட நல்ல நிலை 1, செல்விக்குச் சமம் 2, செல்விக்கும் பாண்டியம்மாளுக்கும் நடுவில் 3, இப்படியே போய் பேச்சியம்மாளைவிட மோசம் 9. மல்லி அக்காவிடம் மறுபடி போய்க் கேட்டபோது செல்விக்கும் பாண்டியம்மாளுக்கும் 'இல்லை', மீனாட்சிக்கு 'லேசாக', பேச்சிக்கு 'ரொம்ப' என்றார். தனக்கும் 'லேசாக'. ஆகவே அவர் மீனாட்சிக்குச் சமம், இடம் 6. சார் செல்வத்துக்கு 'இல்லை', பாண்டிக்கு 'ஓரளவு', சொக்கருக்கு 'ரொம்ப', பேச்சிமுத்துவுக்கு 'முடியாது'. தனக்கு 'ஓரளவு', அதாவது பாண்டிக்குச் சமம், இடம் 4.

யாராவது மீனாட்சியைவிட பாண்டியம்மாளுக்குத்தான் சிரமம் என்று தலைகீழாகச் சொன்னால் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். அந்த மாதிரித் தாள்களுக்கு ஒரே இடம் கிடைக்காமல் போகலாம், 3 முதல் 6 வரை என்கிற மாதிரி ஒரு வீச்சுதான் வரலாம். நிறையத் தாள் அப்படி வந்தால் தப்பு எங்கள் கதையில், உங்கள் மேல் இல்லை.