சிஸ்விப் 3.1 வெல்டிங் இன்ஸ்பெக்டர் பயிற்சிக் கட்டணத்தை நிறுவனம் ஏற்க வேண்டி விண்ணப்பம்

துவாக்குடி,
12.09.2025

அனுப்புநர்:
மு. செல்வராணி,
தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர், இரண்டாம் ஷெட்

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். போன சனிக்கிழமை லாரி கிளம்பியதும் வெல்டிங் இன்ஸ்பெக்டர் கோர்ஸ் பற்றி உங்களிடம் கேட்டேன். "எவ்வளவு ஆகும், நமக்கு என்ன பிரயோஜனம், எழுதிக் கொடும்மா, பார்க்கலாம்" என்றீர்கள். அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

சென்னையில் நவம்பர் 17 முதல் 21 வரை சிஸ்விப் 3.1 வகுப்பு நடக்கிறது. 22-ஆம் தேதி சனிக்கிழமை தேர்வு. வகுப்பும் தேர்வும் சேர்த்து மையம் கொடுத்த கொட்டேஷன் 78,000 ரூபாய். அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 14,040. மொத்தம் 92,040 ரூபாய். பில்லை நம் கம்பெனி பெயரில், நம் ஜி.எஸ்.டி. எண் போட்டு வாங்கினால் அந்த 14,040-ஐ இன்புட்டில் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆடிட்டர் ஆபீஸில் சொன்னார்கள். அப்படிப் பார்த்தால் கம்பெனிக்கு ஆகும் செலவு 78,000. ஆவடியில் சித்தி வீட்டில் தங்கிக்கொள்வேன், அதனால் லாட்ஜ், சாப்பாட்டுச் செலவு கிடையாது. ரயில் டிக்கெட்டும் நானே எடுத்துக்கொள்கிறேன். அந்த ஆறு நாட்களை டியூட்டியாகக் கணக்கில் எடுத்தால் போதும்.

இப்போது எதற்காக இதைக் கேட்கிறேன் என்று சொல்கிறேன். ஜூலை மாதம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆறு இன்ச், ஷெட்யூல் 80 பைப்பில் 42 பட் ஜாயிண்ட். எக்ஸ்ரே எடுத்ததில் 11 ஜாயிண்ட் ரிப்பேர் வந்தது. பதினொன்றிலும் ஒரே குறைதான், ரூட்டில் பெனிட்ரேஷன் இல்லை. இரண்டாவது முறை 33 ஃபிலிம், ஃபிலிமுக்கு 350 வீதம் 11,550. ரேடியோகிராபி ஆட்களை மறுபடியும் ராத்திரிக்கு வரவழைத்ததற்கு 6,000. ஏஜென்சி இன்ஸ்பெக்டருக்குக் கூடுதலாக இரண்டு நாள், 9,000. சரக்கு நாலு நாள் தள்ளிப் போனதால் பில்லில் எல்.டி. பிடித்தது 61,000. கூட்டினால் 87,550 ரூபாய். கிரைண்டிங் டிஸ்க், கரண்ட், ஆர்கான் கேஸ், ஓவர்டைம் எதுவும் இதில் சேரவில்லை. சோர்ஸ் வெளியே இருக்கும் நேரத்தில் ஷெட்டையே காலி செய்து கயிறு கட்டி விடுகிறார்கள். அந்த இரண்டாவது ராத்திரி நைட் ஷிப்ட் முழுக்க வேலை நின்றதையும் நான் கணக்கில் எடுக்கவில்லை.

அந்த ரிப்பேர் ராத்திரி நான் ஷெட்டில் இருந்தேன். வெல்டர் மாரியண்ணன் ஒரு ஃபிலிமை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மா இருக்கு, காட்டு" என்றார். வெல்டின் நடுவில் ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி கறுப்பாக ஒரு கோடு. காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்து விட்டு, "நான் ஒழுங்காத்தானே ஓட்டினேன்" என்றார். அவர் சொன்னது உண்மை. கை பிசகவில்லை. டபிள்யூ.பி.எஸ்.ஸில் ரூட் கேப் 2.5 முதல் 3 மி.மீ. என்று இருக்கிறது. ஃபிட்டர்கள் ஃபில்லர் ராடை இடையில் கொடுத்து ஒரு டேக் போட்டதும் ராடை உருவி விட்டார்கள். அடுத்த டேக் போடும்போது எதிர்ப்பக்கம் இழுத்து கேப் மூடிக்கொண்டது. 1 மி.மீ. இடைவெளியில் எந்த வெல்டர் ஆர்கான் ரூட் ஓட்டினாலும் உள்ளே இறங்காது. ஆறு இன்ச் பைப்புக்குள் கை விட்டுச் சரி செய்யவும் முடியாது. வெளியிலிருந்து 10.97 மி.மீ. கனத்தையும் அறுத்து, திறந்து, முதலிலிருந்து ஓட்ட வேண்டும். காண்ட்ராக்ட் வெல்டருக்கு நாம் இன்ச் டயா கணக்கில் கூலி கொடுக்கிறோம். ரிப்பேருக்குக் கூலி கிடையாது. பதினொரு ஜாயிண்டும் அவர் தூக்கத்தில், அவர் காசில் போனது.

டேக் போட்ட அன்றைக்கு மத்தியானம் நான் அந்தப் பக்கம் போனேன் ஐயா. கேப் குறைவாக இருக்கிற மாதிரிதான் தெரிந்தது. ஆனால் ஃபிட்டப்பைப் பார்த்து, "இது ஆகாது, பிரித்துப் போடுங்கள்" என்று சொல்லி நிறுத்துகிற இடத்தில் நான் இல்லை. கையெழுத்துப் போடும் ஏஜென்சி இன்ஸ்பெக்டர் அந்த முறை வெல்டிங் முடிந்த பிறகுதான் வந்தார். அன்றைக்கு ஒரு டேக்கைத் தட்டிப் பிரித்திருந்தால் கால் மணி நேர வேலை. இது இன்று வரை மனதை விட்டுப் போகவில்லை. நான் இந்தக் கோர்ஸைக் கேட்பதற்கு முதல் காரணம் இதுதான்.

போன நிதி ஆண்டில் ஏஜென்சி இன்ஸ்பெக்டரை 31 நாட்கள் வரவழைத்திருக்கிறோம். நாளுக்கு 4,500 வீதம் 1,39,500 ரூபாய். கஸ்டமரின் க்யூ.ஏ.பி.யில் விஷுவல் ரிப்போர்ட்டும் ஃபிட்டப் ரிப்போர்ட்டும் தகுதிச் சான்று உள்ளவர் கையெழுத்தில் வேண்டும் என்று இருப்பதால்தான் அவரைக் கூப்பிடுகிறோம். நான் தேர்ச்சி பெற்றால் அந்தக் கையெழுத்தை நம் ஷெட்டிலேயே போடலாம். இது முழுவதும் மிச்சம் என்று சொல்ல மாட்டேன். கஸ்டமர் அனுப்பும் மூன்றாம் தரப்பு இன்ஸ்பெக்டர் ஹோல்ட் பாயிண்டுக்கு எப்போதும் போல வருவார். எக்ஸ்ரே, அல்ட்ராசோனிக் வேலையும் வெளியில்தான் கொடுக்க வேண்டும். ஏஜென்சி வந்த 31 நாளில் 20 நாளாவது குறையும் என்பது என் கணக்கு. அதுவே 90,000 ரூபாய். சான்றிதழ் ஐந்து வருடம் செல்லும்.

பணத்தை விட நேரம் பெரிது என்று புரொடக்‌ஷனில் எல்லோருக்கும் தெரியும். ஃபிட்டப் முடிந்து, "இன்ஸ்பெக்டர் நாளைக்குத்தான் வருவார்" என்று ஸ்பூலை ஸ்டாண்டில் போட்டுக் காத்திருப்பது வாரத்துக்கு இரண்டு முறையாவது நடக்கிறது. ஆள் ஷெட்டிலேயே இருந்தால் டேக் போட்ட அரை மணியில் பார்த்து வெல்டிங்குக்கு விட்டு விடலாம்.

வகுப்பில் கற்றதை நான் மட்டும் வைத்துக்கொள்ளப் போவதில்லை. டிசம்பர் முதல் சனிக்கிழமைதோறும் டீ டைமுக்கு அப்புறம் அரை மணி நேரம் ஃபிட்டர்களையும் வெல்டர்களையும் உட்கார வைத்துப் பேச அனுமதி கொடுங்கள். போர்டு, பாடம் எல்லாம் வேண்டாம். நம் ரிப்பேர் ஃபிலிம்களையும் அறுத்தெடுத்த துண்டுகளையும் மேஜை மேல் வைத்துக்கொண்டு, இது எதனால் வந்தது, டேக் போடும்போதே எப்படித் தெரியும் என்று பேசுவோம். ஹை-லோ கேஜை எப்படிப் பிடிப்பது என்று ஃபிட்டர்கள் இரண்டு பேருக்காவது கை பழக வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஐ.டி.ஐ. பையன்கள் மூன்று பேரும் கேட்டுக் கேட்டு வேலை கற்றுக்கொள்கிறவர்கள். அவர்களுக்கு இது ரொம்ப உதவும்.

ஸ்டோரிலும் ஒரு காரியம் இருக்கிறது. 7018 ராடை ஓவனில் பேக் செய்து கொடுக்கிறோம், சரி. அதற்கப்புறம் அது ஷெட்டில் எத்தனை மணி நேரம் திறந்து கிடக்கிறது என்று யாரும் எழுதுவதில்லை. நாலு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்த ராடைத் திருப்பி ஓவனில் பேக் செய்ய வேண்டும். ஐப்பசி மழையில் இங்கே காற்றே ஈரமாக இருக்கும்போது இதைக் கவனிக்காமல் விட்டால் போரோசிட்டி வரும், ஹைட்ரஜன் கிராக் வரவும் வாய்ப்பு உண்டு. ராடு வாங்கும் நேரம், திருப்பும் நேரம் எழுத ஒரு நோட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். இதற்குக் கோர்ஸ் முடியும் வரை காத்திருக்க வேண்டாம். நீங்கள் சரி என்றால் அடுத்த வாரமே ஆரம்பித்து விடலாம்.

நீங்கள் வாய் விட்டுச் சொல்லாத ஒன்றையும் நானே எழுதி விடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் நம் கம்பெனி படிக்க வைத்தவர் சான்றிதழ் கைக்கு வந்த நாலாவது மாதம் கல்ஃப் போய் விட்டார். அதற்கப்புறம் இந்தப் பேச்சை எடுத்தாலே உங்களுக்கு அதுதான் நினைவுக்கு வரும், வருவது நியாயமும்கூட. நான் 2019-இல் டிப்ளமோ முடித்த கையோடு இங்கே சேர்ந்தவள். டிராயிங் படிக்கவே இந்த ஷெட்டில்தான் கற்றுக்கொண்டேன். வீட்டுக்காரருக்கு வேலை திருவெறும்பூரில், பெண் இந்த வருடம்தான் எல்.கே.ஜி. சேர்ந்திருக்கிறாள். என் சொந்தக் கதையை நம்பி நீங்கள் பணம் போட வேண்டும் என்று சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கிறேன். இடையில் விலகினால், 78,000-ஐ 24 மாதமாகப் பிரித்து, மீதி இருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் 3,250 ரூபாய் வீதம் கட்டி விட்டுத்தான் போவேன். கணக்காளர் அண்ணனிடம் சொன்னால் அவர் ஸ்டாம்ப் பேப்பரில் தயார் செய்து விடுவார்.

தேர்வு சுலபம் இல்லை. எழுத்துத் தேர்வு, மேக்ரோ, பிளேட், பைப் என்று ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாக 70 சதவீதம் எடுக்க வேண்டும். பிளேட்டையும் பைப்பையும் கையில் கொடுத்து, குறையைக் கண்டுபிடித்து, அளந்து, வரைந்து, ஏற்கலாமா கூடாதா என்று தீர்ப்பு எழுதச் சொல்வார்கள். ஒரு மாதமாக ஸ்கிராப்பில் கிடக்கும் டெஸ்ட் பீஸ்களை எடுத்து தினமும் சாயங்காலம் கேஜ் வைத்து வரைந்து பழகி வருகிறேன். ஏதாவது ஒரு பகுதியில் தவறினால் மறு தேர்வுக் கட்டணம் என்னுடையது. அந்த நாட்களை என் லீவில் கழித்துக்கொள்ளுங்கள்.

முழுத் தொகையும் ஒரே தடவையில் முடியாது என்றால் பாதியை இப்போது கம்பெனி கட்டட்டும். மீதியை நான் கட்டுகிறேன், தேர்ச்சி பெற்ற பிறகு திருப்பிக் கொடுங்கள். அதற்கும் எனக்குச் சம்மதமே. அக்டோபர் டிஸ்பாட்ச் தீபாவளிக்கு முன்பே முடிந்து விடும், அதைப் பார்த்துத்தான் நவம்பர் வகுப்பைத் தேர்ந்தெடுத்தேன். நான் இல்லாத ஆறு நாளும் ஸ்டேஜ் இன்ஸ்பெக்‌ஷன் ரெஜிஸ்டரை முதல் ஷெட் க்யூ.சி. பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

பதிவு செய்ய அக்டோபர் 10 கடைசி நாள். விண்ணப்பத்தோடு என் வேலை அனுபவத்தைக் கம்பெனி உறுதி செய்யும் கடிதமும், கிட்டப் பார்வை, நிறப் பார்வைச் சான்றும் வைக்க வேண்டும். கண் பரிசோதனை முடித்து விட்டேன். அனுபவக் கடிதத்தின் நகல், மையத்தின் கொட்டேஷன், ஜூலை ரிப்பேர் ரிப்போர்ட், ஏஜென்சி பில்கள் நான்கையும் இதனுடன் இணைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை நீங்கள் ஷெட் ரவுண்டு வரும்போது அந்தப் பதினொரு ஜாயிண்டில் அறுத்தெடுத்த துண்டு ஒன்றை என் மேஜையில் வைத்திருப்பேன். ஐந்து நிமிடம் நின்று அதைப் பார்த்து விட்டு உங்கள் முடிவைச் சொல்லுங்கள் ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மு. செல்வராணி