மாமாவின் இதயத்துக்கு என்ன நடந்தது

அன்புள்ள மாமிக்கும் தங்கச்சிக்கும்,

நேற்றிரவு நீங்கள் மாரடைப்பு என்றீர்கள் மாமி. கனடா அண்ணா, மாமாவுக்கு இதயம் நின்றுபோய் மீண்டதாக எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். வார்டுக் குறிப்பில் 'ஹார்ட் பெயிலியர்' என்று பார்த்த தங்கச்சி அழுதுகொண்டேயிருந்தாள். இவை மூன்றும் வெவ்வேறு விடயங்கள். இன்று காலை வார்டு வைத்தியருடன் பேசி, ஈசிஜியையும், இதயத்தை ஸ்கான் செய்த எக்கோ அறிக்கையையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மாமாவுக்கு வந்தது மாரடைப்பு. இதயத் தசைக்கு இரத்தம் கொடுக்கும் குழாய் ஒன்றில், உட்சுவரில் படிந்திருந்த கொழுப்பு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து வழியை அடைத்துவிட்டது. அந்தக் குழாயை நம்பியிருந்த தசை இரத்தமின்றி இறக்கத் தொடங்குகிறது. அப்போதும் இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும். ஆள் பேசுவார், நடப்பார். மாமாவும் நடந்துபோய்த்தான் ஆட்டோவில் ஏறினார். விடியற்காலையில் வந்த நெஞ்சு இறுக்கத்தையும் வியர்வையையும் வாய்வுக் குத்து என்று நினைத்து, இஞ்சித் தேநீர் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். மாமாவைப் போல் நீரிழிவு உள்ளவர்களுக்கு வலி மந்தமாகவே தெரியலாம், சிலருக்கு வலியே இராது. ஆகவே நீங்கள் கவனிக்காமல் விட்டதாக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் போடப்பட்டிருக்கிறது. வலியும் தணிந்துவிட்டது. அடுத்தது அந்தக் குழாய்களைப் படமெடுத்துப் பார்க்கும் அஞ்சியோகிராம், தேவையென்றால் குழாயைத் திறந்து வைத்திருக்க ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைப்பார்கள்.

அண்ணா சொன்ன இதய நிறுத்தம் மாமாவுக்கு நடக்கவில்லை. இதயத்தின் மின்னோட்டம் குழம்பி, அது இரத்தத்தைத் தள்ளாமல் வெறுமனே நடுங்குவது அல்லது அடியோடு நின்றுவிடுவதுதான் இதய நிறுத்தம். ஆள் அந்தக் கணமே மயங்கி விழுவார், கூப்பிட்டால் அசைய மாட்டார், மூச்சு இருக்காது. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: சிலருக்கு இடைக்கிடை இழுத்திழுத்து மூச்சு வருவதுபோல் தோன்றும். அதை உயிர்மூச்சு என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. மாரடைப்பு வந்தவருக்கு இந்த ஆபத்து முதல் மணித்தியாலங்களிலும் நாட்களிலும் கூடுதல். அதனால்தான் மாமாவின் நெஞ்சில் வயர்கள் ஒட்டி மொனிட்டரில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அது நிலைமை மோசம் என்பதற்கான அடையாளம் அல்ல.

வீட்டில் எவருக்காவது அப்படி நேர்ந்தால் முகத்தில் தண்ணீர் தெளிக்கவோ, வாயில் எதையும் பருக்கவோ வேண்டாம். ஒருவர் 1990 சுவசெரியவுக்கு அழைக்க, மற்றவர் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, ஐந்து சென்ரிமீற்றராவது உள்ளே போகும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வரை அழுத்த வேண்டும். அம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. தங்கச்சி, நீ இதைப் பழகிக்கொள். நான் சனிக்கிழமை வந்து காட்டித் தருகிறேன்.

இனி உன்னை அழவைத்த சொல். இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுவிட்டது என்றோ நிற்கப்போகிறது என்றோ பொருளில்லை. அடிபட்ட தசை முன்புபோல் பலமாகத் தள்ளவில்லை, அவ்வளவுதான். எக்கோவில் 38 வீதம் என்று பார்த்து, இதயத்தில் 62 வீதம் செத்துவிட்டது என்று கணக்குப் போட்டிருக்கிறாய். கணக்கு அப்படியல்ல. இடது கீழறையில் நிரம்பும் இரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எவ்வளவு வெளியேறுகிறது என்பதையே அந்த எண் சொல்கிறது. நல்ல சுகதேகிக்கும் அது நூறு வராது. ஏறத்தாழ 55 முதல் 70 வரைதான். மாமாவுக்குக் குறைந்திருப்பது உண்மை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் மாரடைப்பில் இறக்காமல் சோர்ந்துபோன தசையும் இருக்கும். அது சில வாரங்களில் தேறக்கூடும். அதனால் சில வாரங்கள் கழித்து எக்கோவை மீண்டும் எடுப்பார்கள். எவ்வளவு தேறும் என்று இன்றைக்கு எவராலும் வாக்குக் கொடுக்க முடியாது.

படுத்தால் மூச்சு வாங்குவதும் கால் வீங்குவதும் நீர் தேங்குவதால்தான். சலத்தைக் கூட்டும் ஊசி அதற்காகவே. வீட்டுக்கு வந்த பின் காலையில் சலம் கழித்ததும், சாப்பிடுமுன், நிறையைப் பார்த்து எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் கிளினிக் திகதிக்குக் காத்திராமல் வைத்தியசாலைக்குப் போங்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும் மாமி. கறிக்கும் உப்பைக் குறையுங்கள். மாமா கோபப்படுவார், விட்டுக்கொடுக்காதீர்கள். முழங்கால் வலிக்கு அவர் பார்மசியில் வாங்கும் டைக்ளோபெனாக் இனி வேண்டவே வேண்டாம். அது உடம்பில் நீரைத் தேக்கும். அஸ்பிரினையும் மற்ற மாத்திரைகளையும் வைத்தியர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்த வேண்டாம்.

மீண்டும் நெஞ்சு இறுகினால் எனக்கு அழைத்துக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், முதலில் 1990.

நாளை வார்டுக்குப் போகும்போது மாமாவின் நீரிழிவுக் கிளினிக் கொப்பியையும், வீட்டிலுள்ள மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். முழங்கால் மாத்திரையையும் சேர்த்து. இந்தக் கடிதத்தை அண்ணாவுக்கும் அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்