நூறு விடைத்தாள், பத்து நாள்: தாவரவியல் கட்டுக்கான திட்டம்

கட்டு இன்று, 11ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, கைக்கு வந்தது. எண்ணிப் பார்த்துவிட்டேன், சரியாக நூறு. மதிப்பெண் பட்டியலை 21ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குள் கொடுக்க வேண்டும். இதன் ஒரு பிரதி உங்களுக்கும் மேடம், இடையில் நீங்கள் செய்யவேண்டிய வேலை இருக்கிறது.

போன தேர்வில் கடைசி இரவு மட்டும் முப்பது தாள் திருத்தினேன். ஒரு பையனின் கூடுதல் தாளைப் புரட்டவே இல்லை என்பது மறுகூட்டலில்தான் தெரிந்தது. அதில் ஒரு முழு பத்து மதிப்பெண் விடை இருந்தது. இந்தத் திட்டம் அதனால்தான்.

ஒரு தாளுக்கு எனக்கு 12 நிமிடம் ஆகிறது. நூறுக்கு 20 மணி நேரம். வகுப்பு உள்ள நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் கண் வாசிக்கும், மனம் வாசிக்காது. ஆகவே:

12 புதன்: 5 தாள் மட்டும்
13 வியாழன்: 14
14 வெள்ளி: 14
15 சனி: 20, காலை பத்து, மாலை பத்து
16 ஞாயிறு: 15
17 திங்கள்: 14
18 செவ்வாய்: 12
19 புதன்: 6
20 வியாழன்: கூட்டல், பதிவு

முதல் நாள் ஐந்துதான். ஏனென்றால் அன்று கட்டின் நடுவிலிருந்து பத்துத் தாளை உருவி, பேனா எடுக்காமல் படிக்கப் போகிறேன். விடைக்குறிப்பில் இல்லாத சரியான விடைகள் அப்போதுதான் கண்ணில் படும். இருபதாம் கேள்வி, ஒளிச்சேர்க்கை, பத்து மதிப்பெண்: ஒளி வினைக்கு 4, இருள் வினைக்கு 4, படத்துக்கு 2 என்று பிரித்திருக்கிறேன். இருள் வினை என்று தலைப்புப் போடாமல் கால்வின் சுழற்சியை மட்டும் எழுதினாலும் முழு 4. வெளிவரும் ஆக்ஸிஜன் கார்பன் டை ஆக்ஸைடிலிருந்து வருகிறது என்று எழுதினால் 1 குறைப்பேன், அதற்கு மேல் இல்லை. அது நீரிலிருந்து வருகிறது என்பதை வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் இந்தத் தவறு வரத்தான் செய்யும். இப்படி எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் விடைக்குறிப்பின் ஓரத்தில் அன்றே எழுதிவிடுவேன். ஐந்தாம் நாள் எனக்கு நினைவு இருக்காது.

அன்றன்றைய கட்டை ஒவ்வொரு மாணவராக முதலிலிருந்து கடைசிவரை திருத்தப் போவதில்லை. பதினான்கு பேரின் இருபதாம் கேள்வி, அப்புறம் பதினான்கு பேரின் இருபத்தொன்று. ஒவ்வொரு கேள்விக்கும் தாள்களைக் கலைத்து அடுக்குவேன். அழகான கையெழுத்துக்காரரின் முதல் விடை நன்றாக இருந்துவிட்டால் மற்ற விடைகளுக்கும் கை தாராளமாகிவிடும். இது என் பழைய பலவீனம்.

பத்து மதிப்பெண் கேள்விகளின் மதிப்பெண்ணைத் தாளில் உடனே போட மாட்டேன், தனித்தாளில் பென்சிலால் குறிப்பேன். மறுநாள் தொடங்கும் முன் முந்தைய நாள் கட்டிலிருந்து இரண்டு தாளைக் கண்ணை மூடி உருவி, குறிப்பைப் பார்க்காமல் இருபதாம் கேள்வியை மறுபடி திருத்துவேன். வித்தியாசம் ஒன்று என்றால் விட்டுவிடலாம். இரண்டு அல்லது அதற்கு மேல் என்றால் முந்தைய நாள் கட்டு முழுவதிலும் அந்தக் கேள்வியைத் திரும்பப் பார்ப்பேன். சரியாக இருந்தால்தான் சிவப்பு மை.

இனி உங்கள் பங்கு. 19 மாலை எட்டுத் தாள் தருகிறேன்: அதிக மதிப்பெண்ணில் இரண்டு, மிகக் குறைவில் இரண்டு, நடுவில் நான்கு. என் மதிப்பெண் தெரியாதபடி பார்த்துத் தாருங்கள். தேர்ச்சி 40 என்பதால் 36 முதல் 39 வரை உள்ள எல்லாத் தாளையும் நானே இரண்டாம் முறை படிப்பேன். மதிப்பெண் போட்டுத் தேற்றிவிட அல்ல, விட்டுப்போனது ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க. பதிலுக்கு உங்கள் விலங்கியல் கட்டில் எட்டு எனக்கு அனுப்புங்கள்.

ஒருநாள் தவறினால் அந்தக் கணக்கை மறுநாள் தலையில் மொத்தமாக ஏற்ற மாட்டேன். எந்த நாளிலும் நான்குக்கு மேல் கூட்டக் கூடாது, மிச்சம் 19க்குப் போகும். அதற்காகத்தான் அன்று ஆறு மட்டும் வைத்திருக்கிறேன். திங்கள் இரவு கணக்குப்படி 82 முடிந்திருக்க வேண்டும். 70கூட ஆகவில்லை என்றால் அன்றைக்கே தேர்வுப் பொறுப்பாளரிடம் சொல்லிவிடுவேன், வெள்ளி மதியம் போய்க் கைபிசைவதைவிட அது மேல்.

20 அன்று ஒவ்வொரு தாளையும் கடைசிப் பக்கம் வரை, கூடுதல் தாள் உள்பட, புரட்டிவிட்டுத்தான் கூட்டல். மேலிருந்து கீழ் ஒரு முறை, கீழிருந்து மேல் ஒரு முறை. பிறகு நீங்கள் பதிவெண்ணும் மதிப்பெண்ணும் உரக்க வாசியுங்கள், நான் பதிகிறேன். 3 மணிக்கு வர முடியுமா?