‘வெண்கலப் பொங்கல் பானை’ வாங்கியவர்களுக்கு: அது பித்தளை

வணக்கம்.

2025 டிசம்பர் 10 முதல் 2026 ஜனவரி 20 வரை எங்களிடம் 3 லிட்டர் ‘வெண்கலப் பொங்கல் பானை’ வாங்கியவர்களுக்கு மட்டும் இதை அனுப்புகிறோம். விற்பனைப் பக்கத்தில் வெண்கலம் என்று போட்டிருந்தோம். உங்களுக்கு வந்திருப்பது பித்தளைப் பானை. அளவும் எடையும் சரிதான், உலோகம்தான் வேறு. தவறு எங்களுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

விலையை விட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. வெண்கலம் என்று நம்பி ஈயம் பூசாமலே அடுப்பில் ஏற்றியிருப்பீர்கள். பித்தளையில் அப்படிச் செய்யக் கூடாது. புளி, தக்காளி, எலுமிச்சை, தயிர் எது பட்டாலும் செம்பும் துத்தநாகமும் கரைந்து சாப்பாட்டில் இறங்கும், உள்ளே பச்சையாகக் களிம்பு பிடிக்கும். ஆகவே ஈயம் பூசும்வரை அந்தப் பானையில் எதுவும் சமைக்க வேண்டாம். ரசம், புளியோதரை போன்றவற்றை அதிலேயே செய்து இரவு முழுக்க வைத்திருந்து, சாப்பிட்டபின் வாந்தியோ வயிற்றுவலியோ வந்திருந்தால், மருத்துவரிடம் பாத்திர விவரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பானை வேண்டாம் என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். பொங்கல் வைத்து அடி கறுத்திருந்தாலும் பரவாயில்லை, தேய்க்கக்கூட வேண்டாம். கொரியர்காரர் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வார், செலவு எங்களுடையது. கொடுத்த 4,600 ரூபாயும் முழுதாக வந்துவிடும்.

வைத்துக்கொள்வதானால் பித்தளை விலை 3,100 போக மீதி 1,500 ரூபாயைத் திருப்பித் தருகிறோம். ஈயம் பூசும் கூலியும் எங்கள் கணக்கு. உங்கள் ஊரில் பூசுபவர் இருந்தால் அவரிடமே கொடுத்து, ரசீதை எங்களுக்கு அனுப்புங்கள். வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காரீயம் கலந்தால் அது விஷம். பூசிய பிறகு வெறும் பானையை அடுப்பில் வைக்காதீர்கள், ஈயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். உட்புறத்தைக் கம்பி நாரால் தேய்த்தாலும் பூச்சு போய்விடும்.

வெண்கலம்தான் வேண்டும் என்பவர்களுக்கு, அடுத்த வார்ப்பு வந்ததும் கூடுதல் காசு வாங்காமல் மாற்றித் தருகிறோம். மார்ச் ஆகும்.

சிலர் இதைக் கல்யாணச் சீராக வாங்கியிருக்கிறீர்கள். சீர் கொடுத்த வீட்டில் இதைச் சொல்வது சங்கடம்தான். ஆனால் அங்கே யாராவது புளிக்குழம்பு வைத்துவிடக் கூடாதே. நீங்கள் சரி என்றால் நாங்களே அவர்களிடம் பேசி விளக்குகிறோம்.

எது வேண்டும் என்று ஆர்டர் எண்ணோடு இந்த வாட்ஸ்அப்பிலேயே பதில் போடுங்கள், குரல் பதிவாக இருந்தாலும் போதும். பணம் 5 வேலை நாட்களுக்குள் வந்துவிடும். நீங்கள் பதில் போடக் கெடு எதுவும் இல்லை. பிப்ரவரி 15-க்குள் பதில் வராதவர்களை நாங்களே போனில் அழைப்போம்.

இப்படிக்கு,
கடைப் பொறுப்பாளர்,
பாத்திரக் கடை, கும்பகோணம்