எல்லையை வரைவது யார்? இலங்கையின் தமிழ் பேசும் முஸ்லிம்களை முன்வைத்து

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழர் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும். இரண்டிலும் பேசுவது தமிழ். இரண்டிலும் தாய்வழிக் குடிமுறை உண்டு: பிள்ளை தாயின் குடியைச் சேரும், ஒரே குடிக்குள் கல்யாணம் கூடாது, வீடும் வளவும் சீதனமாக மகளுக்குப் போகும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். கோயில் நிர்வாகத்தில் வண்ணக்கரும் பள்ளிவாசல் நிர்வாகத்தில் மரைக்காயரும் குடியின் பேரில்தான் இடம் பெற்றார்கள். சவூதியிலோ எகிப்திலோ இல்லாத இந்த வழக்கம், பக்கத்து ஊர் இந்துத் தமிழரிடம் அப்படியே இருக்கிறது. ஆனாலும் இவர்கள் இரண்டு இனங்கள். அரசாங்கப் படிவத்தில் மட்டும் அல்ல, அவர்களுடைய மனத்திலும்தான்.

பண்பாட்டு வேறுபாடுதான் இனத்தை உண்டாக்குகிறது என்று நம்புகிறவருக்கு இந்தக் கரையோரம் பெரிய சிக்கல். நோர்வே மானிடவியலாளர் ஃபிரெட்ரிக் பார்த் 1969இல் சொன்னது இங்கே உதவும். எல்லைக்கு உள்ளே என்னென்ன பண்பாட்டுச் சரக்கு கிடக்கிறது என்று எண்ணிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு, எல்லை எப்படிக் காக்கப்படுகிறது என்று பாருங்கள் என்றார் அவர். எந்த அடையாளத்தை முக்கியமாக எடுப்பது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்பதை அந்த மக்களே முடிவு செய்கிறார்கள். அந்த முடிவு எப்போது எடுக்கப்படுகிறது என்பதுதான் என்னுடைய கேள்வி. ஏதாவது ஒன்று பங்கு போடப்படும் நேரத்தில்தான் என்பது என் பதில். அது ஓர் ஆசனமாக இருக்கலாம், காணியாக இருக்கலாம், வாக்குரிமையாக இருக்கலாம்.

1880களில் பங்குக்கு வந்தது சட்டநிரூபண சபை ஆசனம். தமிழ் பேசுவோர் எல்லோருக்குமான பிரதிநிதியாக அங்கே இருந்தவர் பொன்னம்பலம் இராமநாதன். முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதி வேண்டும் என்ற கோரிக்கை வலுத்த காலத்தில், 1888இல், ராயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் அவர் ஒரு கட்டுரை வாசித்தார். இலங்கைச் சோனகர், அதாவது இங்குள்ள தமிழ் பேசும் முஸ்லிம்கள், மொழியாலும் வழக்கங்களாலும் இனத்தால் தமிழரே, மதம் மட்டும் மாறியவர்கள் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டே முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் கிடைத்தது. 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு விரிவான மறுப்பு எழுதி வெளியிட்டார்: நாங்கள் அரபு வணிகரின் வழிவந்தவர்கள், தமிழ் எங்களுக்கு வாணிபத்தால் வந்த மொழி.

இருவரில் யார் சொன்னது சரி என்று இன்றும் வாதாடுகிறார்கள். சமூகவியலுக்கு அந்தக் கேள்வி அவ்வளவு முக்கியம் இல்லை. கடலோடி வணிகர்களும் உள்ளூர்ப் பெண்களும் கலந்து உருவான ஒரு சமூகத்தில் இரண்டு கதைக்கும் ஆதாரம் கிடைக்கும். கவனிக்க வேண்டியது வேறு. “நீ என் ஆள்தான்” என்று ஒருவர் சொன்னதை மற்றவர் அணைப்பாக எடுக்கவில்லை; தன் குரலைப் பறிக்கும் முயற்சியாகவே எடுத்தார். எல்லையை இழுக்க இரண்டு கை வேண்டும். உள்ளே இருப்பவர் தன்னை யார் என்று சொல்லிக்கொள்வது ஒன்று, வெளியே இருப்பவர் அவரை யார் என்று சொல்வது மற்றொன்று. 1915இல் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் நடந்தபோது, கைதான சிங்களத் தலைவர்களுக்காக இராமநாதன் வாதாடினார். 1888 கட்டுரையைவிட இதுதான் முஸ்லிம்களின் நினைவில் ஆழமாகப் பதிந்தது.

தமிழ்நாட்டோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். அங்குள்ள முஸ்லிம் பிரிவினரான மரைக்காயரும் ராவுத்தரும் தங்களைத் தமிழர் என்று சொல்லத் தயங்குவதில்லை. மொழி அதே, மார்க்கம் அதே, பழைய வணிகத் தொடர்புகளும் அதே. திராவிட இயக்கம் கட்டிய ‘தமிழர்’ என்ற கூரைக்குக் கீழே அவர்களுக்கு இடம் இருந்தது. அதற்குள் நிற்பதால் இழப்பு இல்லை. இலங்கையில் தமிழர் என்று சொன்னால் ஆசனம் போகும். சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்த 1956க்குப் பிறகு அரசோடு மோதும் தரப்பில் நிற்கவும் வேண்டியிருந்தது. முஸ்லிம்களில் பெரும்பகுதியோ, தெற்கிலும் மேற்கிலும் சிங்களவர் நடுவே சிதறி வாழ்ந்தார்கள்.

இருந்தாலும் வேறு வழியே இருக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 1949இல் தொடங்கிய தமிழரசுக் கட்சி ‘தமிழ் பேசும் மக்கள்’ என்று பேசியது. கிழக்கில் முஸ்லிம் வேட்பாளர்கள் அதன் சார்பில் வென்றார்கள். எம்.எச்.எம். அஷ்ரஃப் 1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு ஆதரவாகப் பிரசாரம் செய்தவர். அவர்தான் பிறகு ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸை உருவாக்கினார். ஒரே மனிதருடைய அரசியல் வாழ்வுக்குள் எல்லை இடம் மாறியது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்தின் முஸ்லிம்கள் முழுப் பேரையும் வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் சில மணி நேரம். அயல் வீட்டோடு தலைமுறைகளாகப் பழகியது, அதே தமிழில் படித்தது, எதுவும் அன்று செல்லவில்லை. இதைச் செய்தது தமிழரின் பெயரால். தமிழில் எழுதுகிறவர்கள் இதை அடிக்குறிப்பாக்கிவிட்டுக் கடந்து போகக் கூடாது. “இனம் என்பது கட்டமைப்பு” என்று வகுப்பறையில் லேசாகச் சொல்லிவிடுகிறோம். கட்டமைப்பு என்பதால் அது பொய் ஆகிவிடாது. கட்டியவர் கையில் ஆயுதம் இருந்தால் அது ஓர் ஊரையே காலி செய்யும்.

அதே தீவில் எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரையான கத்தோலிக்க மீனவர் பலர் ஒரு காலத்தில் தமிழ் பேசியவர்கள். பாடசாலையில் பயிற்றுமொழி சிங்களமாகி, தேவாலய வழிபாடும் மாற, அவர்களுடைய பிள்ளைகள் சிங்களவராக வளர்ந்தார்கள். நீர்கொழும்பு மீனவரிடம் தமிழ்ப் பேச்சு இன்னும் உண்டு. கேட்டால் தங்களைச் சிங்களவர் என்பார்கள். இங்கே எல்லையைத் தாண்ட முடிந்தது, ஏனென்றால் மறுபக்கத்தில் கதவைத் திறந்துவிட ஆள் இருந்தார்கள். யாழ்ப்பாண முஸ்லிமுக்கு 1990இல் அப்படி ஒரு கதவு இருக்கவில்லை. எல்லை நெகிழ்வானது என்று பொதுவாகச் சொல்வதைவிட, யாருக்கு, எப்போது, யார் அனுமதியோடு என்று கேட்பது நேர்மையானது.

அரசின் பேனாவையும் மறக்க முடியாது. 1911 குடிசன மதிப்பீடு இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டு பத்தி போட்டது. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது அந்தப் பத்திப் பிரிவு, ‘இந்தியத் தமிழர்’ எனப்பட்ட தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையைப் பறிக்கும் தலைவிதியானது. இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் எண்ணிப் பிரித்தார்கள். பின்னாளில் அம்மக்களே ‘மலையகத் தமிழர்’ என்ற பெயரை எடுத்துக்கொண்டு, அதைப் படிவத்திலும் எழுதும்படி கேட்டார்கள்.

1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்த இடம் புத்தளம். அங்கேயும் முஸ்லிம்கள்தான் இருந்தார்கள். முதலில் சோறும் இடமும் கொடுத்தார்கள். ஆண்டுகள் போகப் போக, கூலி வேலை, காணி, பாடசாலை இடம் எல்லாவற்றிலும் நெருக்கடி வந்தது. ‘வடக்கு முஸ்லிம்’ என்றும் ‘அகதி’ என்றும் ஒரு பிரிவு உண்டானது. ஒரே மார்க்கம், ஒரே மொழி. முகாமில் பிறந்து யாழ்ப்பாணத்தைக் கண்ணாலும் காணாத பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் ஒட்டியது. போர் முடிந்த 2009க்குப் பிறகு ஊர் திரும்பியவர்களில் சிலருக்கு வாக்காளர் பதிவு புத்தளத்திலா, வடக்கிலா என்பதே வழக்காகியது. விட்டுப்போன காணியில் இதற்குள் வேறு ஆட்கள் குடியிருந்தார்கள்.