நேற்றைய நேர்காணலில் தாங்கள் குறிப்பிட்ட வாழையிலைச் சிக்கல் குறித்து

12 மார்ச் 2026

மதிப்பிற்குரிய திரு. முருகேசன் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். கொள்முதல் அதிகாரி பணிக்கான நேர்காணலில் நேற்று என்னுடன் பொறுமையாகப் பேசியதற்கு நன்றி. பேச்சின் நடுவே, தேக்கா கடையில் வாழையிலையும் வாழைக்காயும் ஒரு வாரம் பத்தாமல் போகின்றன என்றும், அடுத்த வாரம் அதே அளவு வரவழைத்தால் வாடிக் குப்பைக்குப் போகின்றன என்றும் சொன்னீர்கள். போன ஆண்டின் அதே வாரக் கணக்கைப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுக்கிறோம் என்றும் கூறினீர்கள். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கடைசி வாக்கியமே மனத்தில் ஓடிக்கொண்டிருந்ததால், எனக்குத் தோன்றியதைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

இந்த இரண்டு பொருள்களையும் நம் மக்கள் ஆங்கிலத் தேதி பார்த்து வாங்குவதில்லை. திதியும் கிழமையும் பார்த்து வாங்குகிறார்கள். மகாளய அமாவாசை 2024-இல் அக்டோபர் 2 அன்றும், 2025-இல் செப்டம்பர் 21 அன்றும் வந்தது. 2024-இன் கணக்கைப் பார்த்து 2025-க்கு ஆர்டர் கொடுத்திருந்தால், உண்மையில் கூட்டம் வந்த செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் சரக்கு குறைந்திருக்கும். அமாவாசை இல்லாத அக்டோபர் முதல் வாரத்தில் குவிந்திருக்கும். தாங்கள் சொன்ன பற்றாக்குறையும் வீணும் அடுத்தடுத்து வருவதற்கு இதுவே முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். தங்கள் விற்பனைக் கணக்கை நான் பார்த்ததில்லை. எனினும், அந்த இரு ஆண்டுகளின் செப்டம்பர், அக்டோபர் பில்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இது சரியா தவறா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இதை இப்போதே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஆண்டு மகாளய அமாவாசை அக்டோபர் 10 அன்று வருகிறது, அது புரட்டாசிச் சனிக்கிழமையும் கூட. முன்னோருக்குப் படைப்பவர்கள், பெருமாளுக்குத் தளிகை போடுபவர்கள் என இரு தரப்பினரும் ஒரே நாளில் இலை தேடி வருவார்கள். மறுநாளே நவராத்திரி தொடங்குகிறது. சென்ற ஆண்டு இதே தேதியை எடுத்துப் பார்த்தால் இதில் எதற்குமே தடயம் இருக்காது. தீபாவளியும் 2025-இல் அக்டோபர் 20 அன்று வந்தது; இவ்வாண்டு நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போகிறது.

ஆகவே, ஆர்டர் தாளில் வார எண்ணுக்குப் பக்கத்தில் அமாவாசை, பிரதோஷம், கார்த்திகை, புரட்டாசிச் சனி ஆகியவற்றைக் குறித்து, “போன அமாவாசைக்கு எவ்வளவு போனது?” என்று கேட்டு அளவை முடிவு செய்வது நல்லது. அமாவாசை வேலை நாளில் விழுந்தால் முதல் நாள் மாலையிலேயே பெரும்பாலானோர் வாங்கிவிடுவார்கள் என்பதால், சரக்கு அதற்கு முன்பே கடைக்கு வந்திருக்க வேண்டும். முன்பு நான் ஒரு சைவ உணவகத்தின் கொள்முதலைப் பார்த்துக்கொண்டபோது, ஒரு நாள் விடிந்த பிறகு வந்து சேர்ந்த இலை எங்களுக்குப் பயன்படவில்லை. அன்று காலை முழுவதும் பக்கத்துக் கடைகளில் அலைந்து, கிடைத்த விலைக்கு வாங்கினோம். அந்தக் காலைப் பொழுதை என்னால் மறக்க இயலவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். இலை காலை பதினொரு மணிக்கே தீர்ந்த நாளிலும், இரவு வரை இருந்து தீர்ந்த நாளிலும் கல்லாவில் ஒரே எண்தான் பதிவாகும். காலையிலேயே தீர்ந்த நாளில் எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்பதை அந்த எண் சொல்லாது. அதனால் வாழையிலை, வாழைக்காய், வெற்றிலை, கறிவேப்பிலை ஆகிய நான்குக்கு மட்டும், எந்த நேரத்தில் தீர்ந்தது, மிஞ்சியது எவ்வளவு, அது என்று வந்த சரக்கு என்று கடைப் பணியாளர் ஒரு நோட்டில் எழுதி வைத்தாலே போதும். எல்லாப் பொருள்களுக்கும் எழுதச் சொன்னால் ஒரு வாரத்தில் நின்றுவிடும் என்பது என் அனுபவம். வரும் இரண்டு அமாவாசைகளைக் கடந்துவிட்டால், ஆர்டர் கொடுப்பதற்கு நம்பத்தக்க அளவு கிடைத்துவிடும்.

ஈசூன் கடையில் இதே அளவு வித்தியாசம் இருக்குமா என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை. அங்கே அன்றாடச் சமையலுக்கு வாங்குபவர்கள் அதிகம் என்று தாங்கள் சொன்னதால், முதலில் தேக்காவில் மட்டும் பார்ப்பது சரியாக இருக்கும் என்று கருதுகிறேன்.

இப்போதிலிருந்து தீபாவளி வரையிலான விசேஷ நாள்களை ஒரே தாளில் தொகுத்து இத்துடன் இணைத்துள்ளேன். என்னைப் பணிக்கு எடுப்பது குறித்த தங்கள் முடிவு எதுவாக இருந்தாலும் அதைத் தாங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். பழைய பில்களைச் சேர்ந்து பார்க்க விரும்பினால், அடுத்த வாரம் எந்த மாலையும் கடைக்கு வர எனக்கு இயலும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ச. கவிதா